அயலகத் தந்தையும் அலைபேசி உரையாடலும்: நேரம், வினா, தாயின் இடையீடு

2015ஆம் ஆண்டின் தமிழ்நாடு புலம்பெயர்வுக் கணக்கெடுப்பு, இம்மாநிலத்தவர் ஏறத்தாழ 22 இலட்சம் பேர் அயல்நாடுகளில் வாழ்வதாக மதிப்பிட்டது. அவர்களுள் பெரும்பாலோர் ஆண்கள். குடும்பத்தை உடனழைத்துச் செல்வது பலருக்கும் விருப்பத்தைப் பொறுத்ததன்று, ஊதியத்தைப் பொறுத்தது. ஐக்கிய அரபு அமீரகத்தில் குடும்ப விசா பெறத் திங்களுக்கு 4,000 திர்ஹம், அல்லது 3,000 திர்ஹமும் உறைவிடமும் வேண்டும். கட்டுமானத் தொழிலாளர் பலர் இவ்வரம்புக்குக் கீழேயே நிற்கின்றனர்.

வாலாஜாபாத்தில் ஒரு குடும்பத்தை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். குழந்தைக்கு வயது ஆறு. தந்தை ஈராண்டுக்கு ஒருமுறை இரண்டு மாத விடுப்பில் வருகிறார் எனில், அக்குழந்தையின் 72 மாதங்களில் அவர் உடனிருந்தவை ஆறு மட்டுமே. எஞ்சியவற்றை அலைபேசியே நிரப்ப வேண்டும்.

அதற்கு முதல் தடை கடிகாரம். அமீரக நேரம் நம் நேரத்திற்கு ஒன்றரை மணி பின்தங்கியது. வேலை முடித்து இரவு ஏழு மணிக்கு முகாம் திரும்பி, குளித்துச் சமைத்து உண்டு அவர் அழைக்கும்போது அங்கு ஒன்பது, இங்கு பத்தரை. குழந்தை உறங்கிவிடும். குவைத்தாயின் வேறுபாடு இரண்டரை மணி. நிலைமை இன்னும் கடினம். ஆகவே வார விடுமுறை நாளே உண்மையான உரையாடல் நாளாகிறது. அமீரகத்தில் வாட்ஸ்அப் அழைப்புகள் நீண்டகாலம் தடுக்கப்பட்டிருந்தமையால், பதிவுசெய்து அனுப்பும் குரற்செய்தி பலருக்குக் கைகொடுத்தது. குழந்தை அதைத் திரும்பத் திரும்பக் கேட்கலாம். ஆனால் இடைமறித்துக் கேள்வி கேட்க இயலாது.

அழைப்பு கிடைத்தபின் எழும் சிக்கல் மொழி சார்ந்தது. "சாப்ட்டியா?", "ஸ்கூலுக்குப் போனியா?", "அப்பா என்ன வாங்கிட்டு வரணும்?" என்பனவே தந்தையின் வினாக்கள். முதலிரண்டும் "ம்" என்பதோடு முடிபவை. மூன்றாவது ஒரு பொருட்பெயரோடு முடிவது. இதனைப் பாசக் குறைவெனக் கொள்வது பிழை. குழந்தையின் அன்றைய நாள் தந்தைக்குத் தெரியாது. தெரியாத ஒன்றைப் பற்றிப் பொதுவாக மட்டுமே வினவ முடியும்.

இவ்விடத்தில்தான் தாயின் பங்கு நுட்பமாகிறது. "அப்பாகிட்ட பேசு" என்று கருவியை நீட்டுவதோடு அவர் பணி முடிவதில்லை. பல் விழுந்ததையும் தோழியோடு சண்டையிட்டதையும் முன்கூட்டியே கணவரிடம் கூறிவிடுகிறார். "எந்தப் பல்லு விழுந்துச்சு?" என்று தந்தை தொடங்கும்போது விடை ஒற்றைச் சொல்லில் நிற்பதில்லை, எங்கே, எப்படி, யார் பார்த்தார்கள் என நீள்கிறது. ஆனால் அதே தாய் செய்திகளை வடிகட்டவும் செய்கிறார். காய்ச்சலையும் கடனையும், அங்கே கவலைப்படுவாரென்று மறைக்கிறார். தன் அடக்கத்துக்கு உட்படாத குறும்பை மட்டும் "அப்பாகிட்ட சொல்லிடுவேன்" என்ற மிரட்டலாக அனுப்புகிறார். இதன் விளைவு விடுப்பில் தெரியவருகிறது. பொம்மை தருபவராகவோ கண்டிப்பவராகவோ மட்டும் அறிந்த ஒருவர், திடீரென்று தலைவாரிவிட வந்தால் குழந்தை தாயின் பின்னே ஒளிகிறது. அவர் குரலுக்குப் பழகிய அளவு அவர் உடலுக்கு அது பழகியிருப்பதில்லை. அப்பழக்கம் வருவதற்குள் விடுப்பில் கணிசமான பகுதி கழிந்துவிடுகிறது.