31 டிகிரியில் மறையும் திரவம்

தீயணைக்கும் சிவப்பு சிலிண்டருக்குள் கார்பன் டை ஆக்சைடு திரவமாக இருக்கும். சிலிண்டரின் சூடு 31 டிகிரி செல்சியஸைத் தாண்டியதும் உள்ளே திரவம் என்று தனியாக ஒன்று இருக்காது. எவ்வளவு அழுத்தினாலும் அது திரும்பாது. இந்த எல்லையை 1869-இல் பெல்பாஸ்ட் நகரில் தாமஸ் ஆண்ட்ரூஸ் அளந்து சொன்னார். அதுதான் நிலைமாறு வெப்பநிலை. அந்த வெப்பநிலையில் வாயுவைத் திரவமாக்கத் தேவைப்படும் அழுத்தம் நிலைமாறு அழுத்தம்.

நான்கு ஆண்டுகள் கழித்து, நெதர்லாந்தின் வான் டெர் வால்ஸ் இந்த எல்லையைக் காகிதத்திலேயே கணக்கிட வழி காட்டினார். அவர் சமன்பாட்டில் வாயுவுக்கு வாயு மாறும் எண்கள் இரண்டுதான். மூலக்கூறுகள் ஒன்றையொன்று ஈர்ப்பதை a காட்டும். அவை அடைத்துக்கொள்ளும் இடத்தை b காட்டும்.

P = RT/(V − b) − a/V²

இதை V-க்காக விரித்து எழுதினால் முப்படிச் சமன்பாடு கிடைக்கும்:

V³ − (b + RT/P)V² + (a/P)V − ab/P = 0

குளிர்ந்த நிலையில், திரவமும் ஆவியும் சேர்ந்திருக்கும் அழுத்தத்தில், இதற்கு மூன்று விடைகள் உண்டு. சிறியது திரவத்தின் கன அளவு, பெரியது ஆவியின் கன அளவு. நடுவில் உள்ளதற்கு நிஜத்தில் இடமில்லை. சூடு ஏற ஏற மூன்றும் நெருங்கி வருகின்றன. திரவமும் ஆவியும் வேறுபாடற்றுப் போகும் புள்ளியில் மூன்றும் ஒன்றாகிவிடும். அப்போது சமன்பாடு (V − Vc)³ = 0 என்றே இருந்தாக வேண்டும். இதையும் விரித்து, மேலே உள்ளதோடு உறுப்புக்கு உறுப்பு ஒப்பிட்டால் போதும்:

3Vc = b + RTc/Pc
3Vc² = a/Pc
Vc³ = ab/Pc

மூன்றாவதை இரண்டாவதால் வகுத்தால் Vc = 3b. இதை இரண்டாவதில் இட்டால் Pc = a/27b². இரண்டையும் முதலாவதில் இட்டால் Tc = 8a/27Rb.

கார்பன் டை ஆக்சைடுக்கு a = 3.640, b = 0.04267. இவை லிட்டர், பார், மோல் அலகுகளில் உள்ளவை. ஆகவே R 0.08314 ஆக இருக்க வேண்டும். பழக்கத்தில் 8.314 என்று போட்டுவிட்டால் விடை நூறு மடங்கு சுருங்கி 3 கெல்வின் என்று வரும். சரியாகப் போட்டால் Tc 304 கெல்வின், அதாவது 31 டிகிரி. Pc 74 பார். ஆய்வகத்தில் அளந்ததும் ஏறக்குறைய இதுதான்.

இந்தப் பொருத்தத்தைப் பார்த்துச் சமன்பாடு வென்றுவிட்டது என்று நினைத்துவிடக் கூடாது. அட்டவணைகளில் உள்ள a, b பெரும்பாலும் அளந்த Tc, Pc-யிலிருந்தே பின்னோக்கிக் கணக்கிடப்பட்டவை. உண்மையான சோதனை கன அளவில்தான். 3b ஒரு மோலுக்கு 0.128 லிட்டர் என்கிறது, அளந்தால் 0.094 லிட்டர்தான் இருக்கிறது. இரண்டு எண்களை வைத்து மூன்று அளவுகளுக்கும் பொருத்த முடியாது. இந்தச் சமன்பாட்டில் PcVc/RTc எந்த வாயுவுக்கும் 0.375 என்றே வரும். 1976-இல் வந்த பெங்–ராபின்சன் சமன்பாடு அதை 0.307-க்கு இறக்கியது. கார்பன் டை ஆக்சைடுக்கு அளந்த மதிப்பு 0.274.