வலியில்லாமல் விட்டுப்போகும் நகம்

நகத்தின் முனையில் எப்போதும் ஒரு வெள்ளைக் கோடு உண்டு. விரல் சதையைத் தாண்டி வெளியே நீண்டிருக்கும் பகுதி அது. சிலருக்கு அந்த வெள்ளை முனையோடு நிற்காமல் ஒரு பக்கமாக வளைந்து உள்ளே இறங்கத் தொடங்கும். வீக்கம் இருக்காது, சீழ் இருக்காது, அழுத்தினாலும் வலிக்காது. தலை துவட்டும்போது நகத்தடியில் ஒரு முடி மாட்டி இழுக்கும்; அப்போதுதான் நகம் சதையை விட்டு விலகியிருப்பதே தெரியவரும். மருத்துவர்கள் இதை ஆனிக்கோலைசிஸ் என்கிறார்கள்.

நகத்துக்கென்று தனி நிறம் கிடையாது. அடியில் இருக்கும் சதையின் ரத்த ஓட்டம்தான் அதன் வழியே இளஞ்சிவப்பாகத் தெரிகிறது. இரண்டுக்கும் நடுவில் காற்று புகுந்தால் அந்த இடம் வெளுத்துவிடும். ஆகவே நகம் எதுவரை விலகியிருக்கிறது என்பதை அந்த வெள்ளையின் எல்லையே காட்டிக்கொடுக்கும்.

தண்ணீரும் நீள நகமும்

உணவகத்தில் பாத்திரம் துலக்கும் ஒரு பெண்ணை நினைத்துக்கொள்வோம். நாளில் பாதி நேரம் கை சோப்புத் தண்ணீரில் கிடக்கிறது. நனைந்த நகம் நீரை உறிஞ்சி உப்புகிறது, காய்ந்தால் சுருங்குகிறது. இது ஓயாமல் நடக்கும்போது நகத்துக்கும் சதைக்கும் உள்ள பிடிப்பு தளர்கிறது. மோதிரவிரல் நகம் கொஞ்சம் நீளம் வேறு. அண்டா விளிம்பில் அது இடறும் ஒவ்வொரு முறையும், நெம்புகோலைப் போல மறுமுனையில் சதையிலிருந்து தன்னைத் தானே கிளப்பிக்கொள்கிறது. ஒரே அடியில் பெயர்ந்திருந்தால் ரத்தம் கட்டி, வலியும் இருந்திருக்கும். இது சிறுகச் சிறுக நடப்பதால் வலி தெரிவதில்லை.

அடுத்து அவர் செய்வது நம்மில் பலரும் செய்வதுதான்: இடைவெளியில் சேர்ந்த அழுக்கை ஊக்கு முனையால் தோண்டுகிறார். கை சுத்தமாகிறது, விலகல் இன்னும் ஒரு மில்லிமீட்டர் உள்ளே போகிறது. நகத்தடியைக் கருவி கொண்டு குடையும் அழகு நிலையங்களிலும் இதே கதைதான்.

ஒட்டு நகங்களின் சிக்கல் கொஞ்சம் வேறு. அக்ரிலிக் நகம் இயற்கை நகத்தைவிட உறுதியானது. எங்காவது இடித்தால் அது உடையாது. இழுவை முழுவதும் அடியில் உள்ள பிடிப்பின் மேல் விழும். ஜெல் பாலிஷைச் சுரண்டி எடுப்பதும், நகத்தைக் கெட்டியாக்கும் பூச்சுகளில் உள்ள ஃபார்மால்டிஹைடும், பசைகளால் வரும் ஒவ்வாமையும் நகத்தைக் கிளப்பக்கூடியவை. பல விரல்களில் ஒரே சமயத்தில், நகத்தைச் சுற்றி அரிப்போடு வந்தால் ஒவ்வாமையைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

மாத்திரையும் வெயிலும் சேரும்போது

டாக்ஸிசைக்ளின் நம் ஊரில் பழக்கமான மருந்து. எலிக்காய்ச்சல், உண்ணிக் காய்ச்சல், முகப்பரு என்று பலவற்றுக்கும் எழுதப்படுகிறது. இதைச் சாப்பிடும் நாட்களில் கடும் வெயிலில் வேலை செய்தால், சிலருக்கு நகம் அரைவட்ட வடிவில் விலகுகிறது. நகத்தடிச் சதையில் வெயிலைத் தடுக்கும் நிறமி மிகக் குறைவு என்பது இதற்கு ஒரு காரணம். கட்டைவிரல் பல நேரம் தப்பிவிடுகிறது. மற்ற விரல்கள் அளவுக்கு அது வெயிலுக்கு முகம் காட்டுவதில்லை. மாத்திரையை நிறுத்திச் சில வாரங்கள் கழித்துக்கூட இது தெரியலாம் என்பதால், மருந்துக்கும் நகத்துக்கும் உள்ள தொடர்பு பலருக்குப் புரிவதில்லை. இந்த வகையில் சிலருக்கு எரிச்சலும் வலியும் இருப்பதுண்டு.

புற்றுநோய்க்குத் தரப்படும் டோசிடாக்ஸல், பாக்லிடாக்ஸல் மருந்துகளும் நகத்தைக் கிளப்பும். மருந்து ஏறும் நேரத்தில் உறையவைத்த கையுறை அணிவித்தால் விரல்களுக்குப் போகும் ரத்தம் குறைந்து, இந்தப் பாதிப்பும் குறைகிறது. எந்த மருந்தானாலும் நகத்துக்குப் பயந்து நோயாளியே நிறுத்திவிடக் கூடாது. எழுதிக்கொடுத்தவரிடம் சொல்ல வேண்டும்.

முதல் மருந்து நகவெட்டி

விலகிய நகம் மறுபடி ஒட்டாது. இதை ஏற்றுக்கொள்வதில்தான் பலர் தடுமாறுகிறார்கள். பசை போட்டும் பிளாஸ்டர் சுற்றியும் அழுத்திவைக்கிறார்கள். உள்ளே ஈரம் தங்குவதுதான் மிச்சம். செய்ய வேண்டியது நேர் எதிரானது. சதையை ஒட்டியிருக்கும் எல்லைவரை, இழுக்காமல், விலகிய பகுதியைக் கொஞ்சம் கொஞ்சமாக வெட்டிவிட வேண்டும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை மறுபடி வெட்டலாம். பாத்திரம் துலக்கும்போது உள்ளே பருத்திக் கையுறை, அதன் மேல் ரப்பர் கையுறை. நகப்பூச்சும் அதை அழிக்கும் திரவமும் வேண்டாம். நகச்சுத்திக்குச் செய்வதுபோல் எலுமிச்சம்பழத்தை விரலில் செருகுவது இங்கே உதவாது. ஈரமும் புளிப்பும் திறந்துகிடக்கும் சதையை இன்னும் புண்படுத்தும். மருதாணியும் இப்போது வேண்டாம், வெள்ளையின் எல்லையை அது மறைத்துவிடும்.

அதன் பிறகு காத்திருக்க வேண்டும். எவ்வளவு காலம் என்பதைக் கணக்கிடவும் முடியும். வில்லியம் பீன் என்ற அமெரிக்க மருத்துவர் 1941-இல் தொடங்கி 35 ஆண்டுகள், தன் கட்டைவிரல் நகத்தின் அடியில் மாதம் ஒரு கோடு கீறி, அது முனைக்கு வந்துசேரும் நாளைக் குறித்துவந்தார். 32 வயதில் நாளுக்கு 0.123 மில்லிமீட்டர் வளர்ந்த நகம், 67 வயதில் 0.095 ஆகக் குறைந்திருந்தது. பொதுவாகக் கைவிரல் நகம் மாதத்துக்கு 3 மில்லிமீட்டர் வளரும் என்று கொள்ளலாம்.

நம் பாத்திரம் துலக்கும் பெண்ணுக்கு 5 மில்லிமீட்டர் விலகியிருக்கிறது என்றால், ஈரமும் இடறலும் நின்ற நாளிலிருந்து இரண்டு மாதத்தில் புது நகம் சதையோடு ஒட்டியபடியே முனைக்கு வந்துவிட வேண்டும். முழு நகமும் போயிருந்தால் 4 முதல் 6 மாதம். கால் கட்டைவிரல் என்றால் 12 முதல் 18 மாதம்கூட ஆகும். மாதம் ஒருமுறை கைபேசியில் படம் எடுத்து வைத்தால் எல்லை நகர்கிறதா என்று தெரிந்துவிடும். நகரவில்லை என்றால் காரணம் இன்னும் நீங்கவில்லை என்று பொருள்.

அலட்சியமாக விட்டாலும் சிக்கல்தான். நெடுநாள் நகத்தின் மூடல் இல்லாமல் கிடக்கும் சதை சாதாரணத் தோலைப்போல் தடித்துவிடும். பிறகு வரும் நகம் அதில் ஒட்டாமலே, நிரந்தரமாகக் குட்டையாகத் தெரியும்.

மருத்துவரிடம் எப்போது?

நகத்தடி பச்சையாகவோ கரும்பச்சையாகவோ மாறினால், ஈரத்தில் சூடோமோனாஸ் பாக்டீரியா குடியேறியிருக்கலாம். நகத்தில் ஊசி குத்தியதுபோல் சிறு குழிகளும், எண்ணெய்த் துளி பட்டதுபோல் மஞ்சள் கறையும் இருந்தால் சோரியாசிஸ் காரணமாகலாம். கை நடுக்கம், படபடப்பு, எடைக் குறைவு ஆகியவற்றோடு நகம் விலகினால் தைராய்டைப் பரிசோதிக்க வேண்டும்.

பூஞ்சைக் களிம்பை மட்டும் கடையில் கேட்டு வாங்கி மாதக்கணக்கில் தடவுவது வீண். விலகிய இடத்தில் கேண்டிடா பூஞ்சை பின்னால் வந்து குடியேறுவது சாதாரணம்; பல நேரங்களில் அது காரணமல்ல, விளைவு. நகத்தடியைச் சுரண்டி எடுத்து நுண்ணோக்கியில் பார்த்த பிறகே பூஞ்சை மாத்திரை தொடங்குவது முறை.

ஒரே ஒரு விரலில், அடிபட்ட நினைவும் இல்லாமல், மாதங்கள் கடந்தும் நகம் விலகியே இருந்தால், அல்லது அடியில் சதை வளர்ச்சியோ, கசிவோ, கறுப்புக் கோடோ தெரிந்தால், தோல் மருத்துவரைத் தள்ளிப்போடாமல் பார்க்க வேண்டும். நகத்தடியில் வரும் எலும்புத் துருத்தலும், அரிதாகத் தோல் புற்றுநோயும் இப்படித்தான் தொடங்குகின்றன. எலும்பை எக்ஸ்ரே காட்டிவிடும். புற்றுநோயா என்பதை அறிய அந்த இடத்திலிருந்து ஒரு துளித் திசு எடுத்துப் பார்க்க வேண்டியிருக்கும்.