ஒரே எல் நினோ... மேட்டூரில் வறட்சி, தூத்துக்குடியில் வெள்ளம்!

2023 ஜூன் 12-ல் மேட்டூர் அணை திறக்கப்பட்டபோது நீர்மட்டம் சுமார் 103 அடி. அக்டோபர் 10-ல் மூடியபோது சுமார் 30 அடிதான்! காவிரிப் படுகையில் தென்மேற்குப் பருவமழை ஏமாற்றிவிட்டது. அதே டிசம்பரில், தூத்துக்குடி மாவட்டம் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. மழை கொட்டியது.

அது எல் நினோ ஆண்டு. பசிபிக் கடலின் நடுப்பகுதியும் கிழக்கும் சூடானால் மழைமேகங்கள் திரளும் இடமும் கிழக்கே நகரும். இங்கே தென்மேற்குப் பருவமழை மெலியும். ஆனால், அக்டோபருக்குப் பிறகு வங்கக் கடலிலிருந்து ஈரக்காற்று கூடுதலாக வந்து, வடகிழக்குப் பருவமழை பெரும்பாலும் வலுக்கும். கடல் குளிரும் லா நினாவில் இது தலைகீழ்.

ஆக, எல் நினோ ஆண்டில் மேட்டூர் தண்ணீரைச் சிக்கனமாகத் திறக்க வேண்டும். செம்பரம்பாக்கத்தில் வெள்ளத்துக்கு இடம் விட வேண்டும். அதற்காக ஏரியை முன்கூட்டியே காலி செய்துவிடவும் முடியாது. மழை பொய்த்தால் சென்னைக்குக் குடிநீர் ஏது? லா நினா ஆண்டான 2021 நவம்பரிலேயே சென்னை மிதந்ததே! எல் நினோவைப் பார்த்து அக்டோபரில் எவ்வளவு இடம் விடுவது எனத் தீர்மானிக்கலாம். டிசம்பரில் மதகைத் திறக்க, அந்த வார வானிலை அறிக்கையைத்தான் பார்க்க வேண்டும்.