கைமாத்துக் கேட்டு ஒரு செய்தி

பெங்களூரில் கே.ஆர். மார்க்கெட்டில் பூ எடுத்து, தெருவில் விற்கும் பெண் ஒருவர் எங்கள் மாலை வகுப்புக்கு வருவார். 2023ஆம் ஆண்டு ஜூலைக் கடைசியில் ஒரு நாள், போனை என்னிடம் நீட்டினார். "தம்பி, இதில் எழுத்துப் பிழை இருக்கிறதா பாருங்கள்" என்றார்.

விஷயம் இதுதான். மே மாதம் பக்கத்து வீட்டு அக்காவுக்கு அவர் 6,000 ரூபாய் கைமாத்தாகக் கொடுத்தார். அந்த அக்கா கார்மெண்ட்ஸில் வேலை செய்பவர். மகனின் பள்ளிக் கட்டணத்துக்காகப் பணம் வாங்கினார். இரண்டு மாதத்தில் தருவதாகச் சொன்னார். இரண்டு மாதம் முடிந்துவிட்டது. பணம் வரவில்லை.

போனில் இப்படி எழுதியிருந்தது:

"என்னக்கா, வாங்கும்போது மட்டும் வாய் இனித்ததா? போன வாரம் புதுப் புடவை கட்டிக்கொண்டு கோயிலுக்கு வந்தீர்களே, அதற்குப் பணம் எங்கிருந்து வந்தது? உங்களை நம்பினேன் பாருங்கள், என்னைச் சொல்ல வேண்டும். உடனே கடனைக் கொடுங்கள்."

எழுத்துப் பிழை ஒன்றும் இல்லை. வேறு பிழை இருந்தது. எவ்வளவு பணம் என்று இதில் இல்லை. என்று கொடுத்தது என்று இல்லை. என்றைக்குள் வேண்டும் என்றும் இல்லை. கோபம் மட்டும்தான் இருந்தது. இதைப் படிக்கிறவர் எதற்குப் பதில் சொல்வார்? பணத்துக்கு அல்ல, புடவைக்குத்தான் பதில் சொல்வார். "அது என் அண்ணன் எடுத்துக் கொடுத்த புடவை" என்பார். பேச்சு புடவையில் போய் நிற்கும். பணம் அப்படியே இருக்கும்.

"அனுப்ப வேண்டாம் அக்கா" என்றேன். அவர் அழித்துவிட்டார். இரண்டு நாள் கழித்து இன்னொன்று எழுதிக் காட்டினார்:

"அக்கா, நல்லா இருக்கீங்களா? அந்தப் பணம் விஷயம். உங்களுக்கு முடிந்தபோது பாருங்கள். அவசரம் இல்லை."

இதில் மரியாதை இருக்கிறது. ஆனால் அவசரம் உண்மையாகவே இருந்தது. ஆகஸ்டு 25ஆம் தேதி வெள்ளிக்கிழமை வரமகாலட்சுமி நோன்பு. பெங்களூரில் அந்த நோன்புக்கு மல்லிகையும் கனகாம்பரமும் விலை ஏறும். கையில் முதல் இல்லாதவர் அன்றைக்கு வியாபாரம் பார்க்க முடியாது. மனதில் அவசரத்தை வைத்துக்கொண்டு "அவசரம் இல்லை" என்று எழுதினால், அந்த அக்கா அதை அப்படியே நம்புவார். நோன்பு வந்துவிடும். அப்போது இவருக்குக் கோபம் இரண்டு பங்காக வரும். நட்பு கெடுவது பெரும்பாலும் இப்படித்தான் என்பது என் எண்ணம்.

பிறகு இருவரும் உட்கார்ந்து ஒவ்வொரு வரியாக மாற்றி எழுதினோம்.

"கடன்" என்ற சொல்லை எடுத்துவிட்டோம். கடன் என்றால் வட்டியும் சேட்டுக்கடையும் நினைவுக்கு வரும். பழகியவர்களுக்குள் நாம் "கைமாத்து" என்கிறோம். கன்னடத்தில் "கைசாலா" என்பார்கள். "நீங்கள் வாங்கினீர்கள்" என்று எழுதினால் குற்றம் சொல்வது போல் இருக்கும். "நான் கொடுத்திருந்தேன்" என்று எழுதினாலும் கணக்கு அதே கணக்குத்தான். ஆனால் அதில் குத்தல் இல்லை. "உடனே" என்ற இடத்தில் ஒரு தேதியைப் போட்டோம். கார்மெண்ட்ஸில் அவருக்கு 7ஆம் தேதி சம்பளம். ஆகவே 10ஆம் தேதி என்று எழுதினோம். 25ஆம் தேதி கேட்டிருந்தால் அவர் கை காலியாக இருக்கும். இல்லை என்று சொல்வதைத் தவிர அவருக்கு வேறு வழி இருக்காது.

முடிவில் செய்தி இப்படி வந்தது:

"அக்கா, மே மாதம் தம்பி பீஸுக்காக 6,000 ரூபாய் கைமாத்தாகக் கொடுத்திருந்தேன். இந்த மாதம் நோன்புக்குப் பூ எடுக்க எனக்கு அந்தப் பணம் தேவைப்படுகிறது. சம்பளம் வந்ததும் 10ஆம் தேதிக்குள் கொடுத்தால் உதவியாக இருக்கும். மொத்தமாகக் கஷ்டம் என்றால் மாதம் 2,000 ஆகக் கொடுங்கள். எது முடியும் என்று ஞாயிற்றுக்கிழமைக்குள் சொல்லுங்கள்."

பூ எடுக்க வேண்டும் என்பது உண்மையான காரணம். அதனால்தான் எழுதினோம். ஆஸ்பத்திரிச் செலவு என்று பொய் எழுதியிருந்தால், அடுத்த வீட்டில் இருப்பவருக்கு இரண்டே நாளில் தெரிந்துவிடும். மாதம் 2,000 என்று எழுதியதும் யோசித்துத்தான். மொத்தமாகத் தர முடியாதவர் வெட்கப்பட்டுப் பதிலே சொல்லாமல் ஒதுங்கிப் போவார். பாதி வழி திறந்திருந்தால் பேச வருவார். ஆனால் பாதி கேட்டால் பாதிதான் வரும் என்பதற்கும் தயாராக இருக்க வேண்டும்.

அனுப்பப் போகும்போது ஒரு தடை வந்தது. அந்த அக்கா நன்றாகத் தமிழ் பேசுவார், ஆனால் படித்தது கன்னடப் பள்ளி. தமிழ் எழுத்து தெரியாது. நம் ஊரில் இது புதிதல்ல. அவருக்குத் தமிழில் செய்தி வந்தால் யாரையாவது படிக்கச் சொல்வார். மாமியார் படிப்பாரோ, மகனே படிப்பானோ! தன் பீஸ் பணத்துக்காக அம்மா கைமாத்து வாங்கியதை அந்தப் பையன் அப்படித் தெரிந்துகொள்ள வேண்டுமா? ஆகவே காகிதத்தில் எழுதியதைப் பார்த்துப் படித்து, வாட்ஸ்அப்பில் குரல் செய்தியாக அனுப்பினார். வேலை முடிந்து அந்த அக்கா வீட்டுக்கு நடந்து வரும் நேரம் பார்த்து அனுப்பினார். மகளிர் சங்கக் குழுவில் போட வேண்டாம் என்று நான் சொல்லவே தேவையில்லை. அது அவருக்கே தெரிந்திருந்தது.

சனிக்கிழமை பதில் வந்தது. "மொத்தமாக முடியாதும்மா, இரண்டாயிரமாகத் தருகிறேன்." 9ஆம் தேதி 2,000 வந்தது. இவர் உடனே, "2,000 வந்தது அக்கா. மீதி 4,000" என்று சொல்லி அனுப்பினார். இந்தச் சிறிய பதிலை விட்டுவிடாதீர்கள். மூன்று மாதம் கழித்து "நான் நாலாயிரம் கொடுத்தேனே" என்ற பேச்சு வராமல் இருக்க இதுதான் வழி.

செப்டம்பரிலும் வந்தது. அக்டோபரில் வரவில்லை. அந்த மாதம் 15ஆம் தேதி வரை பொறுத்துவிட்டு, இரண்டே வரி அனுப்பச் சொன்னேன். "அக்கா, மீதி 2,000 இருக்கிறது. இந்த மாதம் முடியுமா, அடுத்த மாதமா என்று சொல்லுங்கள்." நோன்பு, பூ, முதல் எல்லாவற்றையும் மறுபடி சொல்ல வேண்டாம். ஒரே காரணத்தைத் திரும்பத் திரும்பச் சொன்னால் நச்சரிப்பாகிவிடும்.

பெரிய தொகை கொடுத்தவர்கள் இன்னொன்றும் தெரிந்துகொள்ள வேண்டும். தவணை பேசாமல் கொடுத்த கைமாத்தை நீதிமன்றத்தில் கேட்க, கொடுத்த நாளில் இருந்து 3 ஆண்டு காலம்தான் உண்டு. 1963ஆம் ஆண்டின் காலவரம்புச் சட்டம் அப்படிச் சொல்கிறது. அந்த 3 ஆண்டுக்குள், பாக்கி இருப்பதை ஒப்புக்கொண்டு வாங்கியவர் எழுதிக் கையெழுத்துப் போட்டால், அன்றிலிருந்து புதிதாக 3 ஆண்டு கிடைக்கும். தோழியிடம் கையெழுத்துக் கேட்கக் கூச்சம்தான். 6,000 ரூபாய்க்கு நான் கேட்கச் சொல்ல மாட்டேன். 60,000 என்றால், கொடுக்கும் அன்றைக்கே ஒரு தாளில் எழுதி வாங்கச் சொல்வேன். கொடுக்கும் நாளில் அது வெறும் கணக்கு. பணம் வராமல் போன பிறகு கேட்டால் அது சந்தேகம் ஆகிவிடும்.

அந்தக் கடைசி 2,000 நவம்பரில், தீபாவளிக்கு முன்னால் வந்தது. அந்த அக்கா நேரிலேயே கொண்டுவந்து கொடுத்தார். கையோடு இரண்டு முழம் மல்லிகையும் வாங்கிக்கொண்டார். அதற்குக் காசு கொடுத்தாரா என்று நான் கேட்கவில்லை.