டிக் ஒலியின் வேகத்தை ஹேர் ஸ்பிரிங் தீர்மானிப்பது எப்படி?

சாவி கொடுத்து ஓடும் எச்.எம்.டி. ஜனதா கைக்கடிகாரம் மணிக்கு 18,000 முறை, அதாவது நொடிக்கு ஐந்து முறை டிக்கிடும். இந்த வேகத்தை வகுப்பவை பேலன்ஸ் வீல் என்ற சிறு சக்கரமும், அதன் அச்சில் சுருண்டிருக்கும் ஹேர் ஸ்பிரிங்கும்தான். மெயின் ஸ்பிரிங் ஆட்டம் நிற்காதபடி ஆற்றல் மட்டுமே தருகிறது.

சக்கரம் ஒரு பக்கம் சுழலும்போது ஹேர் ஸ்பிரிங் முறுக்கேறி, அதைத் திரும்ப இழுக்கிறது. நடுநிலைக்கு வந்த சக்கரம் வந்த வேகத்தில் அதைத் தாண்டி மறுபக்கம் போகிறது, அங்கிருந்தும் இழுக்கப்படுகிறது. இதுவே முறுக்கு அலைவு. போய்வரும் ஒரு முழு அலைவில் பேலட்டின் கற்கள் எஸ்கேப் வீலின் பற்களில் இரு முறை மோதுவதால் இரண்டு டிக் கேட்கும். ஆகவே ஜனதாவில் ஓர் அலைவுக்கு 0.4 நொடி.

திரும்ப இழுக்கும் விசை, சக்கரம் திரும்பிய கோணத்துக்கு ஏற்ப வளர்கிறது. அதனால் ஆட்டம் பெரிதானாலும் சிறிதானாலும் அலைவு நேரம் ஏறக்குறைய மாறாது. சாவி இறங்கி ஆட்டம் தளர்ந்த பிறகும் கடிகாரம் ஓரளவு சரியாக ஓடுவது இதனால்தான். 1675-ல் ஹைகன்ஸ் வெளியிட்ட சுருள் ஸ்பிரிங்கின் பெரும் பலன் இதுவே.

அலைவு நேரம் T = 2π√(I/k). I என்பது சக்கரத்தின் நிலைமத் திருப்புத்திறன், k என்பது ஸ்பிரிங்கின் விறைப்பு. வர்க்கமூலம் இருப்பதால், அதே சக்கரம் மணிக்கு 28,800 முறை டிக்கிட, வேகம் 1.6 மடங்காக வேண்டும், விறைப்போ 2.56 மடங்காக வேண்டும்.

ஸ்பிரிங்கின் நீளம் குறைந்தால் விறைப்பு கூடும். சாதாரண கடிகாரங்களில் அதன் வெளிச்சுற்றைப் பிடித்திருக்கும் இரு சிறு ஊசிகளை நகர்த்தி, ஆடும் நீளத்தைச் சற்றே கூட்டவோ குறைக்கவோ செய்கிறார்கள். பத்து சென்டிமீட்டர் ஸ்பிரிங்கில் 0.1 மில்லிமீட்டர் குறைத்தால் விறைப்பு 0.1 சதவீதம் ஏறும், ஓட்டம் அதில் பாதியளவு வேகப்படும். ஒரு நாளின் 86,400 நொடியில் அது 43 நொடி! ஊசியைத் தொடும் கை எவ்வளவு நிதானமாக இருக்க வேண்டும் என்பதற்கு வேறு சான்று தேவையில்லை.

வெப்பமும் விறைப்பைத் தொடும். சாதாரண எஃகு ஸ்பிரிங் சூட்டில் இளகுவதால், வெப்பநிலை ஒரு டிகிரி செல்சியஸ் உயர்ந்தால் கடிகாரம் நாளுக்குச் சுமார் பத்து நொடி பின்தங்கும். இளகாத நிக்கல்-எஃகுக் கலவையான எலின்வாரை உருவாக்கியவர் சார்ல்ஸ் கியோம். நிக்கல்-எஃகு ஆய்வுகளுக்காக 1920-ல் இயற்பியல் நோபல் பெற்றார்.

நேற்றுவரை சரியாக ஓடிய கடிகாரம் திடீரெனப் பல நிமிடங்கள் முந்தினால், ஸ்பிரிங் காந்தமேறியிருக்கலாம். சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, ஆடும் நீளம் குறைந்துவிடுகிறது. அருகில் வைத்த திசைகாட்டியின் முள் கடிகாரத்தை நோக்கித் திரும்பினால் சந்தேகம் வலுக்கும். மாறுமின்னோட்டம் ஓடும் கம்பிச்சுருளுக்குள் கடிகாரத்தை வைத்து, மெல்ல வெளியே விலக்கினால் காந்தம் இறங்கிவிடும்.