செக்ஷனுக்குள்ள ரேங்க்: ஒரே ஷீட், நாலு செக்ஷன், ஒரே ஃபார்முலா

(பேச்சு ஓட்டத்தை விட்டுட்டு, வாசிக்க வசதியா திருத்திய எழுத்து வடிவம். எபிசோடில் நான் முழுசா வாசிக்காத ஃபார்முலாக்களும் இங்கே இருக்கு.)

போன வாரம் ஸ்கூலில் வேலை பார்க்கிற ஒரு தோழி ஒரு கேள்வி அனுப்பியிருந்தாங்க. பத்தாம் வகுப்பில் நாலு செக்ஷன். எல்லாப் பிள்ளைகளோட மார்க்கும் ஒரே ஷீட்டில் இருக்கு. புராகிரஸ் கார்டில் போட வேண்டியது செக்ஷன் ரேங்க். ஆனா எக்செல்லில் `RANK` போட்டா மொத்த ஷீட்டுக்கும் சேர்த்துத்தான் ரேங்க் வருது. "ஏ செக்ஷனை மட்டும் ஃபில்டர் பண்ணிப் பார்த்தேன், அப்பவும் அதே நம்பர்தான்"னு சொன்னாங்க.

அது அப்படித்தான் வரும். ஃபில்டர் வரிசைகளைக் கண்ணிலிருந்துதான் மறைக்குது, கணக்கிலிருந்து எடுக்கிறதில்லை. `RANK`-க்கு நீங்க ஒரு பட்டியலைக் கொடுத்தா, அதில் மறைஞ்சிருக்கிற வரிசையையும் சேர்த்துத்தான் எண்ணும். "இந்த செக்ஷன்ல மட்டும் பாரு"ன்னு சொல்ல அந்த ஃபார்முலாவில் இடமே இல்லை. `COUNTIF`, `SUMIF` இருக்கிற மாதிரி `RANKIF`-னு ஒண்ணு எக்செல்லில் கிடையாது.

சரி, நிறைய பேர் என்ன பண்றாங்க? செக்ஷன் வாரியா வரிசைப்படுத்தி, ஏ செக்ஷன் துண்டுக்குத் தனியா ஒரு `RANK`, பி செக்ஷன் துண்டுக்குத் தனியா ஒண்ணுன்னு போடுறாங்க. அன்னைக்கு சரியா வரும். மறுநாள் யாராவது பெயர் வாரியா வரிசையை மாத்தினா, ஃபார்முலா பழைய இடத்தையே பார்த்துக்கிட்டு நிக்கும், பிள்ளைகள் இடம் மாறியிருப்பாங்க. எர்ரர் எதுவும் காட்டாது. தப்பான ரேங்க் மட்டும் அமைதியா உட்கார்ந்திருக்கும்.

ரேங்க்னா உண்மையில் என்ன?

`RANK`-ஐ மறந்துடுங்க. ஒரு பிள்ளை மூணாவது ரேங்க்னு எப்படிச் சொல்றோம்? அவங்களைவிட அதிக மார்க் வாங்கினவங்க ரெண்டு பேர். ரெண்டு கூட்டல் ஒண்ணு, மூணு. முதல் ரேங்க்னா? மேலே யாருமே இல்லை. பூஜ்யம் கூட்டல் ஒண்ணு. ரேங்க்ங்கிறது எண்ணுற வேலைதான்.

அப்போ கேள்வியை இப்படி மாத்திக்கலாம்: "என் செக்ஷனில், என்னைவிட அதிக மார்க் வாங்கினவங்க எத்தனை பேர்?" இதில் ரெண்டு நிபந்தனை இருக்கு. செக்ஷன் ஒண்ணா இருக்கணும், மார்க் அதிகமா இருக்கணும். பல நிபந்தனைகளோட எண்ணுறதுக்குத்தான் `COUNTIFS` இருக்கு.

எட்டே பேரை வெச்சுப் பார்ப்போம். மொத்தம் 500-க்கு.

| வரிசை | பெயர் (A) | செக்ஷன் (B) | மொத்தம் (C) |
|---|---|---|---|
| 2 | கவின் | A | 452 |
| 3 | நிலா | B | 438 |
| 4 | அருண் | A | 467 |
| 5 | மீரா | B | 471 |
| 6 | ஜானகி | A | 452 |
| 7 | சலீம் | B | 409 |
| 8 | தீபா | A | 430 |
| 9 | ஜோசப் | B | AB |

ஜோசப் பரீட்சைக்கு வரலை, அதனால் `AB`. அவர்கிட்ட அப்புறம் வருவோம். இப்போ D2-வில் இதை அடிச்சு, கடைசி வரிசை வரைக்கும் இழுத்து விடுங்க:

```
=COUNTIFS($B$2:$B$9,B2,$C$2:$C$9,">"&C2)+1
```

கவின் வரிசையில் இது என்ன கேக்குது? B காலத்தில் `A`-ன்னு இருக்கணும், C காலத்தில் 452-க்கு மேலே இருக்கணும். அருண் ஒருத்தர்தான். ஒண்ணு கூட்டல் ஒண்ணு, ரெண்டாவது ரேங்க். மீரா 471 வாங்கியிருந்தாலும் அவங்க பி செக்ஷன், இந்தக் கணக்கில் வரமாட்டாங்க.

ஏ செக்ஷன் முழுக்கப் பார்த்தா அருண் 1, கவின் 2, ஜானகி 2, தீபா 4. பி செக்ஷனில் மீரா 1, நிலா 2, சலீம் 3. வரிசையை எப்படிக் கலைச்சாலும் இது மாறாது, ஏன்னா ஒவ்வொரு வரிசையும் தன்னோட செக்ஷனைத் தானே பார்த்துக்குது. கூகுள் ஷீட்ஸிலும் இதே ஃபார்முலாவை அப்படியே போடலாம். ஒன்பதாவது, பத்தாவது ரெண்டும் ஒரே ஷீட்டில் இருந்தா, வகுப்புக்கு இன்னொரு நிபந்தனையைச் சேர்த்துக்கிட்டா போதும்.

டாலரை விட்டா என்ன ஆகும்?

அந்த `$` குறி அழகுக்கு இல்லை. இழுக்கும்போது பட்டியல் நகராம பிடிச்சு வெக்கிறது அதுதான். அதை விட்டுட்டா, சலீம் இருக்கிற ஏழாவது வரிசையில் பட்டியல் B7-லிருந்து B14 வரைன்னு கீழே இறங்கியிருக்கும். அவருக்கு மேலே இருக்கிற மீராவும் நிலாவும் கணக்கிலேயே இல்லை. மூணாவது ரேங்க் வாங்க வேண்டிய சலீமுக்கு முதல் ரேங்க் வந்துடும். நம்ம பட்டியலில் நாலாவது வரிசையிலிருந்து கீழே எல்லாருக்குமே 1-தான் வரும். ஷீட்டோட அடிப்பகுதியில் 1-ஆ குவிஞ்சு கிடந்தா, முதல்ல டாலரைப் பாருங்க.

பரீட்சைக்கு வராத பையன் முதல் ரேங்க்

இப்போ ஜோசப். மேலே சொன்ன ஃபார்முலா அவருக்கு என்ன ரேங்க் கொடுக்கும் தெரியுமா? ஒண்ணு. பரீட்சையே எழுதாத பையன், 471 வாங்கின மீராவோட சேர்ந்து முதல் ரேங்க்.

காரணம் இதுதான். அவர் வரிசையில் நிபந்தனை `">AB"`-ன்னு ஆயிடுது. அது எழுத்து, அதனால் எக்செல் அகர வரிசையில் `AB`-க்குப் பின்னாடி வர்ற எழுத்துகளைத் தேடுது. எண்களை அது பார்க்கிறதே இல்லை. யாரும் அகப்படலை, பூஜ்யம். கூட்டல் ஒண்ணு. எர்ரர் வந்திருந்தா கண்ணில் பட்டிருக்கும், இங்கே நல்ல நம்பர் மாதிரியே ஒரு தப்பு வருது. 160 பேர் ஷீட்டில் இதை யார் கவனிப்பாங்க? அதனால் எண் இருந்தா மட்டும் ரேங்க் போடச் சொல்லணும்:

```
=IF(ISNUMBER(C2),COUNTIFS($B$2:$B$9,B2,$C$2:$C$9,">"&C2)+1,"")
```

ஜோசப்புக்கு இப்போ காலியா வரும். இதுல இன்னொரு லாபமும் இருக்கு. வேற இடத்திலிருந்து காப்பி பண்ணின மார்க் சில நேரம் எண்ணா இல்லாம, எழுத்தா வந்து உட்காரும். மீராவோட 471 அப்படி எழுத்தா இருந்தா, நிலாவோட ஃபார்முலா அதை எண்ணாது. நிலாவுக்கு முதல் ரேங்க் வந்துடும். `ISNUMBER` போட்டிருந்தா மீராவோட ரேங்க் காலியா நிக்கும். பரீட்சை எழுதின பொண்ணுக்கு ஏன் காலின்னு நீங்க கேப்பீங்க, அங்கேயே பிடிச்சிடலாம்.

செக்ஷன் காலத்திலும் இதே மாதிரி ஒண்ணு உண்டு. `A`-க்குப் பின்னாடி ஒரு ஸ்பேஸ் விழுந்திருந்தா, எக்செல்லுக்கு அது வேற செக்ஷன். அந்தப் பிள்ளை மட்டும் தனி செக்ஷன், தனி முதல் ரேங்க். செக்ஷனில் எத்தனை பேர்னு ஷீட்டைக் கேட்டு, வருகைப் பதிவேட்டோட ஒத்துப் பாருங்க:

```
=COUNTIFS($B$2:$B$9,"A")
```

பதிவேட்டில் 40, ஷீட்டில் 39-ன்னா எங்கேயோ ஸ்பேஸ் இருக்கு. பக்கத்துக் காலத்தில் `=TRIM(B2)` போட்டு இழுத்து, அந்த மதிப்புகளை எடுத்து B-யில் ஒட்டிட்டா சரியாயிடும்.

தீபா நாலாவதா, மூணாவதா?

கவினும் ஜானகியும் ஒரே மார்க், ரெண்டு பேருக்கும் 2. அடுத்த தீபாவுக்கு நம்ம ஃபார்முலா 4 கொடுக்குது, ஏன்னா அவங்களுக்கு மேலே மூணு பேர். சில ஸ்கூலில் 1, 2, 2, 3-ன்னு விடாம போடுவாங்க. எது சரின்னு எக்செல் சொல்லாது, அது ஸ்கூல் எடுக்க வேண்டிய முடிவு. முதல் மூணு ரேங்குக்குப் பரிசுன்னா, முதல் முறையில் மூணு பேருக்குப் பரிசு. ரெண்டாவது முறையில் தீபாவையும் சேர்த்து நாலு பேருக்கு. அதனால் மார்க் வர்றதுக்கு முன்னாடியே முடிவு பண்ணிடணும். பிள்ளைகளோட பெயரைப் பார்த்த பிறகு விதியை மாத்தினா, பெற்றோர் கூட்டத்தில் பதில் சொல்ல முடியாது.

விடாம போடுற ரேங்க் வேணும்னா:

```
=IF(ISNUMBER(C2),SUMPRODUCT(($B$2:$B$9=B2)*ISNUMBER($C$2:$C$9)*($C$2:$C$9>C2)/COUNTIFS($B$2:$B$9,$B$2:$B$9,$C$2:$C$9,$C$2:$C$9))+1,"")
```

பார்க்கப் பயமா இருக்கும், யோசனை சின்னதுதான். ஒரே மார்க் வாங்கின ரெண்டு பேரை ஆளுக்கு அரையா எண்ணுறோம். தீபாவுக்கு மேலே அருண் ஒண்ணு, கவின் அரை, ஜானகி அரை. மொத்தம் ரெண்டு, கூட்டல் ஒண்ணு, மூணு. நடுவுல இருக்கிற `ISNUMBER`-ஐ எடுத்துடாதீங்க. இந்த மாதிரி நேரடி ஒப்பீட்டில் எக்செல் எழுத்தை எந்த எண்ணையும்விடப் பெருசாத்தான் எடுத்துக்கும். அது இல்லைன்னா ஜோசப்போட `AB` மீராவுக்கு மேலே போய் நிக்கும், மீரா ரெண்டாவதா இறங்கிடுவாங்க.

இந்த நம்பர் என்ன சொல்லாது

கடைசியா ஒரு விஷயம். நம்ம எட்டு பேரை மொத்தமா எடுத்தா நிலா அஞ்சாவது, தீபா ஆறாவது. பக்கத்துப் பக்கத்துல, எட்டு மார்க்தான் வித்தியாசம். செக்ஷன் ரேங்கில் நிலா 2, தீபா 4. நாலாவது ரேங்க்னு கார்டைப் பார்த்த அப்பா, பி செக்ஷனில் 409 வாங்கின சலீம் மூணாவதுன்னு கேள்விப்பட்டா தீபாவை என்ன சொல்வாரு? தீபா சலீமைவிட 21 மார்க் அதிகம்.

மார்க் பார்த்து செக்ஷன் பிரிக்கிற ஸ்கூலில் இந்த இடைவெளி இன்னும் பெருசாகும். அங்கே ஏ செக்ஷனோட கடைசி ரேங்க், டி செக்ஷனோட முதல் ரேங்கைவிட அதிக மார்க்கா இருக்க வாய்ப்பு இருக்கு. அதனால் அந்தத் தோழிகிட்ட நான் சொன்னது இதுதான்: செக்ஷன் ரேங்கைப் போடுங்க, பக்கத்திலேயே செக்ஷனில் எத்தனை பேர் பரீட்சை எழுதினாங்கன்னும், மொத்த மார்க்கையும் போடுங்க. `RANK`-ஐயும் அழிக்க வேண்டாம், இன்னொரு காலத்தில் அது வகுப்பு ரேங்கா இருக்கட்டும். ரெண்டு நம்பரும் பக்கத்துல இருந்தா, தீபாவோட அப்பாவுக்கு டீச்சர் ஒரு நிமிஷத்துல விளக்கிடலாம்.