நெல்லின் வயதை எந்த நாளிலிருந்து எண்ணுவது?

போன குறுவையில் பக்கத்து வயல் அண்ணன் வரப்பில் நின்றபடி ஒரு கணக்குச் சொன்னார். "ஆடுதுறை 36 தம்பி. ஜூலை 5-ம் தேதி நட்டேன். 110 நாள் ரகம். அப்ப அக்டோபர் 23-ம் தேதி வாக்குல மெஷினைச் சொல்லி வச்சா போதும்ல?"

கூட்டல் சரிதான். தொடங்கிய இடம்தான் தப்பு. "விதை விட்டது என்னைக்குண்ணே?" என்று கேட்டேன். ஜூன் 10 என்றார். அப்படியென்றால் அவர் வயல் செப்டம்பர் கடைசியிலேயே அரிவாளுக்குத் தயாராகிவிடும்.

ரகத்துக்குச் சொல்லும் நாள் கணக்கை நாம் 'வயது' என்றுதானே சொல்கிறோம்? வயதைப் பிறந்த நாளிலிருந்துதான் எண்ண வேண்டும். ஊறவைத்து முளைகட்டிய விதையை நாற்றங்காலில் தெளித்த நாள்தான் நெல்லின் பிறந்த நாள். நடவு என்பது புகுந்த வீட்டுக்குப் போவது மாதிரி. அன்றைக்கு வயது மறுபடியும் ஒன்றிலிருந்து தொடங்குவதில்லை. அண்ணனின் நாற்று நடும்போதே அதற்கு 25 நாள் ஆகிவிட்டது. அந்த 25 நாளைத்தான் அவர் விட்டுவிட்டார்.

விரல் விட்டே எண்ணிப் பார்க்கலாம். ஜூன் 10-ல் விதைத்தால் ஜூன் முடிய 20 நாள். ஜூலையின் 31-ஐச் சேர்த்தால் 51. ஆகஸ்டின் 31-ஐயும் சேர்த்தால் 82. 110-க்கு இன்னும் 28 நாள் வேண்டும். ஆக, செப்டம்பர் 28. மாதத்துக்கு முப்பது நாள் என்று குத்துமதிப்பாகப் போட்டால் செப்டம்பர் 30 வரும். இந்த இரண்டு நாள் வித்தியாசத்தால் யாருக்கும் நஷ்டமில்லை. நடவிலிருந்து எண்ணுகிற 25 நாள் வித்தியாசம்தான் ஆளைக் கவிழ்க்கும். முற்றிப்போன மணி வயலிலேயே உதிரும், அரவையில் நொறுங்கும். போதாக்குறைக்கு அக்டோபர் கடைசியில் வடகிழக்குப் பருவமழை வேறு வந்து நிற்கும்.

சரி, செப்டம்பர் 28 என்று நாட்காட்டியில் வட்டம் போட்டுவிட்டால் வேலை முடிந்ததா? இல்லை. விதைப் பையில் இருப்பது ரகத்தின் சராசரி வயதுதான். நாற்று நாற்றங்காலிலேயே முதிர்ந்துவிட்டாலோ, நடுவில் தண்ணீர் கிடைக்காமல் பயிர் காய்ந்தாலோ நாள் தள்ளிப்போகும். மார்கழிப் பனியில் வளர்கிற பயிரும் சற்று நிதானமாகத்தான் முற்றும். நாற்றுவிடாமல் நேரடியாக விதைத்த வயலில் கதை தலைகீழ். பிடுங்கி நடும் அதிர்ச்சி இல்லாததால் அதே ரகம் ஒரு வாரம், பத்து நாள் முன்னதாகவே வந்துவிடும்.

இந்த இழுபறி பெரும்பாலும் பயிரின் இளமைக் காலத்தில் நடப்பது. பூத்த பிறகு நெல் அவ்வளவாகத் தேதி மாறாது. நம் வெப்பத்தில் பூத்ததிலிருந்து மணி முற்ற ஏறக்குறைய 30 நாள். குறுகிய கால ரகமோ நீண்ட கால ரகமோ, இந்த முப்பது பெரிதாக மாறுவதில்லை. அதனால் காகிதத்துக் கணக்கை வயலில் ஒருமுறை சரிபார்க்க முடியும். அண்ணனின் 110 நாள் பயிர் 80-வது நாளில், அதாவது ஆகஸ்ட் 29 வாக்கில் பூக்க வேண்டும். வயலில் பாதிக் கதிர் பூத்த நாளைக் குறித்துக்கொள்ளச் சொன்னேன். அவர் குறித்தது செப்டம்பர் 3. ஐந்து நாள் தாமதம். உடனே அறுவடைத் தேதியை அக்டோபர் 3 என்று திருத்திக்கொண்டோம். தண்ணீர் வடிப்பது அதற்குப் பத்து நாள் முன்பு, செப்டம்பர் 23. வண்டிக்காரரிடமும் புதுத் தேதியைச் சொல்லியாயிற்று.

இந்தக் கணக்குக்கு அடங்காத நெல்லும் உண்டு. பழைய சம்பா ரகங்கள் பலவும் பகல் பொழுது குறைவதைப் பார்த்துத்தான் பூக்கும். அவற்றை இரண்டு வாரம் முன்னே பின்னே விதைத்தாலும் அறுவடை அதே அளவு நகராது. அங்கே பூத்த நாளிலிருந்து எண்ணுவது ஒன்றே வழி.

கடைசித் தீர்ப்பு கதிரின் கையில். கதிரில் நூற்றுக்கு எண்பது மணிக்கு மேல் வைக்கோல் நிறத்துக்கு மாறி, அடிக்கதிரின் மணியை நகத்தால் அழுத்தினால் பால் வராமல் கெட்டியாக இருந்தால் அறுக்கலாம். அண்ணன் வயலில் அக்டோபர் 2-ம் தேதியே அப்படி இருந்தது. மறுநாள் காலை வெயில் ஏறி, பனி ஈரம் காய்ந்ததும் மெஷின் இறங்கியது.

விதை விட்ட தேதி நடவு முடிவதற்குள் மறந்துபோகும். பையிலிருக்கும் அட்டையைக் கிழித்துப் போடாமல், அதன் பின்னால் தேதியை எழுதி வையுங்கள்.